கட்டிக்கொண்டால் அழ வேண்டும்

எனக்கு ரஷ்ய மொழி தெரியும் என்று இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. எண்பதுகளின் நடுவில், ஆவடித் தொழிற்சாலைக்கு சோவியத் நாட்டிலிருந்து பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்த மொழியால்தான்.

அப்பா அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வழவழப்பான தாளில் மலிவு விலைக்குக் கிடைத்த ரஷ்யப் புத்தகங்கள் மேல் அவருக்கு ஒரு மோகம். வேனில் வந்து விற்பார்கள். சம்பளத்தன்று இரண்டு வாங்கிவருவார். அந்த மோகத்தில்தான் என்னை நகரத்தில் மாலை வகுப்பில் சேர்த்து ரஷ்ய மொழி படிக்க வைத்தார். நான் இரண்டாம் சான்றிதழ் வாங்கிய வருடம், பகல் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கள்ளிக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம், அம்மாவும் நானும்.

அப்பாவின் சாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சனத்தில் வளர்ந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது சாவு வீட்டில் மட்டும்தான். கல்யாணத்தில் கட்டிக்கொள்ள மாட்டார்கள், வருடக்கணக்காகப் பார்க்காத தங்கை ஊரிலிருந்து வந்து இறங்கினால்கூடக் கையைப் பிடித்து "வா" என்பதோடு சரி. சாவு என்றால் தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். தோள்மேல் கை, தலையோடு தலை. அப்படியே முன்னும் பின்னும் ஆடுவார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவள் அழுவாள். கட்டிக்கொண்டால் அழ வேண்டும். அழ வேண்டும் என்றால் யாராவது கட்டிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லித்தந்து வருவதல்ல அது.

அன்றைக்கு அம்மாவை எத்தனையோ பேர் கட்டிக்கொண்டார்கள். அம்மா அழவில்லை. கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டதுபோல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அவர்களே கையை எடுத்துக்கொண்டு போனார்கள். "அழுதுடும்மா, உள்ளுக்குள்ள வச்சிக்காத" என்று அக்கம்பக்கத்தவர்கள் கெஞ்சினார்கள். அம்மா வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு முடிந்தபின் யாரும் அவளைத் தொடவில்லை. தொட என்ன காரணம் இருக்கிறது? நானும் தொட்டதில்லை.

எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்தான் வேலைக்குச் சொல்லிவிட்டார். பொறியாளர்களின் மனைவிமார்கள் கடைக்குப் போக, டாக்டரைப் பார்க்க, தையற்காரரிடம் அளவு சொல்ல ஒரு பெண் துணை வேண்டுமாம். தற்காலிக வேலை. நான் பயந்த அளவுக்கு ஆசையும் பட்டேன். போவதற்கு முன்னால் ஆசிரியரிடம் முறை கேட்டுக்கொண்டேன்.

"பேரைச் சொல்லி, அதோட அவங்க அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லணும். அதுதான் மரியாதை. அப்புறம் பொம்பளைங்க முத்தம் கொடுத்துப்பாங்க. மூணு. ஒரு கன்னம், மறு கன்னம், திரும்ப முதல் கன்னம். நீ விலகினா மனசு கஷ்டப்படும், ஜாக்கிரதை" என்றார்.

எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. ஆறு வயதுக்குமேல் என்னை யாரும் முத்தமிட்டதாக நினைவில்லை. நானும் கைக்குழந்தைகளைத் தவிர யாரையும் முத்தமிட்டதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்கி, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம் என்று பழகிப் பார்த்தேன். மூன்றாவதற்குள் அது என் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நான் துணைக்குப் போக வேண்டிய பொறியாளரின் மனைவி விருந்தினர் குடியிருப்பின் படியில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. நல்ல உயரம், அகலமான தோள்கள், பின்னித் தலையைச் சுற்றி வைத்த வெளிர் நிறக் கூந்தல். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. நான் அவர் பேரையும் அவருடைய அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை நீட்டியபடி முன்னால் போனேன்.

அதே நேரத்தில் அவர் அரையடி பின்வாங்கி, இரண்டு கையையும் மார்புக்கு நேரே கூப்பி, "வண-க்கம்" என்றார்.

என் மூக்கு அவருடைய விரல் நுனியில் இடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் சிவந்து போனார். வெள்ளைத் தோல் அப்படிக் கழுத்திலிருந்து மேலே ஏறிச் சிவப்பதை நான் அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். இருவரும் ஒன்றும் நடக்காததுபோலக் கடைக்குக் கிளம்பினோம்.

அவர் என்னைத் தொட விரும்பவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். கறுப்பி என்று நினைத்தாரோ, எண்ணெய் வாடை பிடிக்கவில்லையோ என்றெல்லாம் மனசு ஓடியது. அதன் பிறகு அவரோடு பேசும்போது இரண்டு முழம் தள்ளியே நின்றேன். அவரும் தள்ளி நின்று, காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம் என்று கச்சிதமாக வைத்தார்.

ஏழெட்டு வாரம் போனபின், ஆவடி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அவரே கேட்டார். "முதல் நாள் நீங்கள் என் கழுத்தில் எதையாவது பார்த்தீர்களா? பூச்சியா?"

"இல்லையே. ஏன்?"

"அப்படிப் பாய்ந்து வந்தீர்களே."

நான் வெட்கத்தோடு சொன்னேன், உங்கள் முறைப்படி மூன்று முத்தம் கொடுக்க வந்தேன் என்று. அவர் கையிலிருந்த கத்தரிக்காயைத் தட்டில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"முன்பின் தெரியாதவருக்கா? எங்களில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். புதிதாகப் பார்ப்பவரிடம் சிரிக்கக்கூட மாட்டோம். நலமாயிருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வோம், தலையசைப்போம், அவ்வளவுதான். மூன்று முத்தம் சொந்தக்காரர்களுக்கு. ரயிலடியில், நீண்ட பிரிவுக்கு முன்னால். ஈஸ்டர் வந்தால் கிராமத்துக் கிழவிகள் ஊரெல்லாம் கொடுப்பார்கள். இங்கே வருமுன் எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். இந்தியப் பெண்கள் தொட்டால் பிடிக்காது, கைகொடுக்காதே, கட்டிப்பிடிக்காதே, கைகூப்பு என்று. நான் கப்பலில் வரும்போது அறையில் உட்கார்ந்து பழகினேன்."

"நான் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் பழகினேன்" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். கத்தரிக்காய்க்காரம்மா, "இன்னா கண்ணு, ஒண்ணியும் வாங்காம சிரிச்சிகினு கீறீங்கோ, வெலை சொல்லவா வேணாவா?" என்று அதட்டும்வரை சிரித்தோம். என்னால் அதை நம்ப முடியவில்லை. அவர் இங்கே வந்து இறங்குமுன்னே என்னை நோகடிக்கக் கூடாது என்று பழகியிருக்கிறார். நான் அவரைப் பார்ப்பதற்கு முன்னே அவரை நோகடிக்கக் கூடாது என்று பழகியிருக்கிறேன். இருவருடைய அக்கறையும் சேர்ந்து என் மூக்கை இடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு நெருங்கிவிட்டோம் என்றாலும் தொடுவது என்ற ஒன்று நடுவில் வரவில்லை. இதுவே போதும் என்று இருந்தது. அம்மா கட்டிக்கொடுக்கும் அடையை அவருக்குப் பாதி கொடுப்பேன். மறுநாள் அதே டப்பாவில் அவர் அம்மாவுக்கு ஏதாவது வைத்து அனுப்புவார்: வெல்லமிட்ட ரொட்டி, புளிக்க ஊறவைத்த முட்டைக்கோஸ். அதை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "பாவம், கெட்டுப்போனதுகூடத் தெரியாம அனுப்பிகீது" என்று பரிதாபப்பட்டாள். ஒருவரையொருவர் பார்க்காமலே இருவரும் டப்பா வழியாக ஒன்றரை வருடம் பழகினார்கள்.

அவருடைய கணவரின் ஒப்பந்தம் முடிந்தது. கிளம்புவதற்கு முன்னால் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். அனுமதி கேட்டு வாங்கி, வேனில் கூட்டிக்கொண்டு வந்தேன். கள்ளிக்குப்பம் அப்போது பாதி வயல், பாதி மனைக்கல். வேன் எங்கள் தெருவில் திரும்பியதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அம்மா மட்டும் வாசலுக்கு வரவில்லை. விசேஷமாக வருகிறவர் எதிரில் தான் நிற்கக் கூடாது என்று உள்ளேயே நின்றாள். அப்பா போனதிலிருந்து இப்படித்தான். வேன் சத்தம் கேட்டதும் வராமல் இருக்க முடியாமல், நடை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். அவர் படியேறி, நிலைப்படிக்கு வெளியிலிருந்தே ஒரு பையை அம்மாவிடம் நீட்டப்போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "வாசலுக்குக் குறுக்கே கூடாது" என்று என்னிடம் ரஷ்ய மொழியில் சொன்னார். "சண்டை வரும்."

அம்மாவோ அதே விநாடியில் பின்னால் நகர்ந்து, "நெலப்படி மேல இன்னாத்துக்குக் குடுக்கறது, வாங்குறது, உள்ள வரச் சொல்லு" என்றாள்.

பனி பெய்கிற நாட்டில் ஒரு வீட்டு வாசலுக்கும் கள்ளிக்குப்பத்து வாடகை வீட்டு வாசலுக்கும் ஒரே சட்டம். இதை யார் கொண்டுபோய் அங்கே சொன்னது? இருவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா, "பின்ன? பொம்பளைங்கன்னா எல்லாத்துக்கும் தெரியும்" என்று இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லாததுபோல் சொல்லிவிட்டாள்.

பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். கேசரி, பஜ்ஜி, அடை. அடையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதில் அம்மாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். பேச்சு என் வழியாகவே நடந்தது. அப்பாவின் படம் சுவரில் மாலையோடு இருந்தது. மாலை போட்ட படம் என்றால் எங்களில் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. "அப்பா இல்லை" என்று ஒருமுறை சொல்லியிருந்தேன்; எங்கோ பிரிந்து இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அதற்குமேல் அவர் கேட்டதில்லை.

எழுந்தார். "உங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. எங்கள் முறையில் சொல்லலாமா?" என்று கேட்டார். சந்தோஷமாகத்தான் கேட்டார். நானும், "சொல்லுங்கள்" என்றேன். மூன்று முத்தம் என்று நினைத்தேன். அம்மாவிடம், "அம்மா, கன்னத்துல முத்தம் குடுப்பாங்கோ, ஒதுங்காத" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டு கையையும் விரித்து அம்மாவை அப்படியே வாரி அணைத்துக்கொண்டார்.

அம்மா அவருடைய தோள் உயரம்கூட இல்லை. முகம் முழுக்க அவருடைய பூப்போட்ட கவுனுக்குள் மறைந்துவிட்டது. கை இரண்டும் விறைத்துத் தொங்கின. சரி, இதோ விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். ரஷ்யக்காரர்கள் கட்டிக்கொண்டால் உடனே விடுவதில்லை, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் பிடித்து வைத்திருந்துதான் விடுவார்கள். அவரும் தட்டினார்.

அந்தத் தட்டலில் அம்மாவின் கைகள் எழுந்தன. அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். முழங்கால் மடங்கியது. அவரையும் இழுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, அவர் தலையோடு தன் தலையை முட்டி, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மாவிடமிருந்து அப்படியொரு குரல் வரும் என்று எனக்குத் தெரியாது.

"என் ராசாவே... சோத்து டப்பாவத் தூக்கிகினு போனியே... திரும்பி வர்றேன்னு சொல்லாமக்கூடப் போயிட்டியே..."

அப்பா இறந்தபோது வராத அழுகை இரண்டு வருடம் கழித்து, விருந்துக்கு வந்தவரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அம்மாவின் மனசு அதைக் கேட்கவில்லை, உடம்பு கேட்டது. யாரோ கட்டிக்கொண்டார்கள், முதுகில் தட்டினார்கள், அப்படியென்றால் அழ வேண்டும். அது மட்டும்தான் அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அவர் ஆட்டத்துக்கிடையே தலையைத் திருப்பி, திகிலோடு என்னைப் பார்த்தார். "நான் என்ன செய்துவிட்டேன்? வலிக்கிறதா அவருக்கு?"

"இல்லை. எங்களில் பெரியவர்கள் கட்டிக்கொள்வது சாவு வீட்டில்தான். துக்கத்துக்குத்தான் கட்டிக்கொள்வார்கள். அம்மா அப்படி எடுத்துக்கொண்டார்."

"யார் இறந்தது?"

"அப்பா. அந்தப் படத்தில் இருப்பவர். இரண்டு வருடமாகிறது. அம்மா அழவே இல்லை. இப்போதுதான் அழுகிறார்."

அவர் படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "கையை எடுக்கட்டுமா?"

அந்தக் கேள்வியை நான் மறந்ததில்லை. அவருடைய முறையில் அணைப்பு முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. விலக்கிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. நான், "வேண்டாம்" என்றேன். அவர் தலையைத் திருப்பி, அம்மாவின் தலையோடு சரியாக வைத்துக்கொண்டார். அம்மா ஆடியபடி ஆடினார். முதலில் தாளம் தப்பியது, அம்மா முன்னால் போகும்போது அவர் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் ஒன்றாகிவிட்டது.

அப்புறம் அவருடைய முதுகும் குலுங்கத் தொடங்கியது. அம்மாவைப் போலச் சொல் எடுத்து அழவில்லை. "மாமா" என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி, "மாமா." அதோடு சரி. வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குரல் ஓய்ந்து, மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அம்மா முகத்தைத் தூக்கி, எதிரில் இருப்பவரை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். சடாரென்று கையை எடுத்தாள்.

"அய்யய்யோ. இன்னா காரியம் பண்ணிட்டேன். ஊருக்குப் போற பொம்பளையக் கட்டிகினு ஒப்பாரி வச்சிட்டேனேடி. நல்லபடியாக் கெளம்புறவங்கோ... மன்னிச்சிக்கச் சொல்லுடி. ஐயோ, அபசகுனம் ஆயிப்போச்சே."

நான் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார். அம்மாவைப் பார்த்தே சொன்னார், நான் நடுவில் இல்லாததுபோல். "எங்களில் பிரியும்போது யாரும் அழாவிட்டால்தான் கெடுதல். வேண்டாதவர் வீட்டிலிருந்து போகிற மாதிரி ஆகிவிடும். நான் கட்டிக்கொண்டது நன்றி சொல்ல. ஆனால் எனக்கும் அழ வேண்டியிருந்தது. போன குளிர்காலத்தில் என் தாயார் இறந்துபோனார். செய்தி வந்து சேர்ந்தபோது புதைத்து முடித்துவிட்டார்கள். இங்கே யார் முன்னால் அழுவது? எங்கள் கிராமத்திலும் பெண்கள் இப்படித்தான் குரலெடுத்து அழுவார்கள். நகரத்தில் இப்போது யாரும் அழுவதில்லை."

போன குளிர்காலம். அந்த வாரங்களில் எல்லாம் நான் அவரோடு இருந்திருக்கிறேன். தையற்கடைக்குக்கூடப் போயிருக்கிறோம். ஒரு நாள் வணக்கம் சொன்ன கையைக் கீழே இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக்கொடுத்தேன். அவ்வளவு சொற்கள் எனக்குத் தெரிந்திருந்தும் எனக்குக் கிட்டாதது, ஒரு வார்த்தை ரஷ்ய மொழி தெரியாத அம்மாவுக்குக் கிட்டியது.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "மாமான்னு அழுதாங்களே. இவங்க மாமன் போயிட்டாரா?"

"அவங்க பாஷையில மாமான்னா அம்மான்னு அர்த்தம்."

"அட." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நான் மாமனாக்கும்னு நெனச்சி, மாமனுக்கு இவ்ளோ அழுவறாங்களே, தங்கமான மனுசன் போலக்கீதுன்னு நானும் சேத்து அழுதேன்."

இதை நான் மொழிபெயர்த்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. அம்மா எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முற்றத்தில் ஒருவர் முகம் கழுவ மற்றவர் ஊற்றினார். சாவுக்கு அழுதால் தலை முழுக வேண்டும் என்று அம்மா முனகினாள். முகம் கழுவியதே போதும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எந்தச் சட்டத்தில் என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வேன் ஹாரன் கேட்டது. அவர் கிளம்பாமல் மறுபடி பாயில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். வழி கிளம்புமுன் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும், அது அவர்கள் பழக்கம். மூவரும் உட்கார்ந்தோம். வாசலில் நின்ற கூட்டம்கூட ஏனோ பேசவில்லை. பிறகு, "சரி, கடவுள் துணை" என்று சொல்லி எழுந்து செருப்பை மாட்டினார்.

வெளியே வேன் வரைக்கும் நான் போனேன். தெருப்பிள்ளைகளுக்குக் கைகாட்டிவிட்டு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்கள் அம்மா எங்கே?"

அம்மா வரவில்லை. கிளம்புகிறவர் எதிரில் தான் வந்து நிற்கக் கூடாது என்று சமையலறைக்குள் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்று முழித்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "புருஷன் இல்லாதவர் பயணம் போகிறவர் எதிரில் வரக் கூடாது என்பார்கள். உங்களுக்குக் கெடுதல் வரக் கூடாதென்று உள்ளே நிற்கிறார்."

அவர் முகம் முதல் நாள் பார்த்ததுபோல் கடுமையாக ஆனது. ஒரு காலை வேனில் வைத்திருந்தவர் இறங்கினார். வேகமாக வாசலைத் தாண்டி, நடையைத் தாண்டி, செருப்போடு சமையலறைக்கே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன்.

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தோ, திரும்ப வரக்கூடாதுன்னு சொல்லுடி, கெளம்புன கால்..."

அவர் இந்தத் தடவை பாயவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றார். கையை நீட்டி, அம்மா பார்க்கும்படி மூன்று விரலைக் காட்டினார். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்டுச் சொல் என்பதுபோல.

"அம்மா, இது அழுவறதுக்கு இல்ல. சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறது. வேணுமான்னு கேக்குறாங்கோ."

அம்மா முந்தானையால் கன்னத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அடுப்படி வியர்வை அவருக்குப் பட்டுவிடக் கூடாது என்று. "சொந்தக்காரங்களுக்கா?" என்று கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அவர் குனிந்து தோள்களைப் பிடித்துக்கொண்டார். ஒன்று. அம்மா முடிந்துவிட்டது என்று தலையை நிமிர்த்தினாள். "இன்னும் கீதும்மா" என்றேன். இரண்டாவது காதோரத்தில் போய் விழுந்தது. மூன்றாவதற்கு அம்மாவே கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு. அவளை யாரும் எதற்கும் எதிரில் வரச் சொல்லி இரண்டு வருடமாகியிருந்தது.

அவர் போகும்போது நடையில் சட்டென்று நின்று, "கண்ணாடி இருக்கிறதா?" என்று கேட்டார். சுவரில் ஆணியில் தொங்கிய சின்னக் கண்ணாடியைக் காட்டினேன். கிளம்பிவிட்டுத் திரும்பி வந்தால் அவர்களிலும் தோஷமாம். கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போனால் தீர்ந்துவிடுமாம். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வீங்கிய கண்ணோடு, முழு அக்கறையாகப் பார்த்தார். தோஷம் இருக்கிறது என்று அவர் நம்பினார். அது தெரிந்தேதான் திரும்பி வந்திருக்கிறார்.

வேன் கிளம்பியபோது அம்மா வாசலில் நின்றாள். நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். தெருமுனையில் புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து தட்டுகளை எடுத்தாள்.

அவரிடமிருந்து பிறகு செய்தி ஏதும் இல்லை. சில வருடங்களில் அந்த நாட்டின் பெயரே மாறிவிட்டது. பேப்பரில் அதைப் படித்துக் காட்டியபோது அம்மா, "நாடு இன்னாவோ ஆவட்டும், அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதில்ல?" என்றுதான் கேட்டாள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்று சாயங்காலம் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேசினாள். புதுசாகக் கல்யாணம் ஆன சமயம் அவர் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கூட்டிப்போனது, வழியில் ஒரு பள்ளத்தில் இவள் கீழே விழுந்தது தெரியாமல் அவர் பேசிக்கொண்டே ரொம்ப தூரம் போனது. "திரும்பிப் பாத்தா பொண்டாட்டியக் காணோம்! எங்க தேடுவாரு பாவம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவைப் பற்றி அவள் வாயிலிருந்து அவ்வளவு பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. கொத்தவரங்காய் முழுவதும் நறுக்கி முடிந்தும், கத்தியைக் கீழே வைக்காமல் பேசிக்கொண்டிருந்தாள்.